கடந்த விற்பனையை விட்டு, வரவிருக்கும் விற்பனையால் இருப்பை அளந்த அனுபவம்

கிடங்கில் இருக்கும் சரக்கு இன்னும் எத்தனை வாரத்துக்குத் தாங்கும் என்று கேட்டால், இருப்பைக் கடந்த எட்டு வாரச் சராசரி விற்பனையால் வகுத்து ஒரு எண்ணைச் சொல்வதுதான் விநியோகத் தொழிலில் பழகிப்போன வழி. நான் இருப்பைக் கவனிக்கும் விநியோக நிறுவனத்திலும் முன்பு அப்படித்தான் இருந்தது. சில ஆண்டுகளாக அந்த வகுத்தலை விட்டுவிட்டு, வரும் வாரங்களுக்கான விற்பனை முன்கணிப்பை இருப்பிலிருந்து ஒவ்வொரு வாரமாகக் கழித்துப் பார்த்து, அது எந்த வாரத்தில் தீர்கிறதோ அதையே வார இருப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த முறை எங்கே உதவியது, எங்கே கவனம் தேவைப்பட்டது என்பதைப் பகிர்கிறேன்.

பருவத்தைச் சார்ந்து விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும். கோடை தொடங்கும் முன் ஒரு மேசை விசிறியின் இருப்பு 1,200 என்று வையுங்கள். கடந்த எட்டு வாரங்களில் வாரத்துக்குச் சராசரியாக 100 விற்றிருக்கிறது. பழைய கணக்கின்படி 12 வாரச் சரக்கு கையில் இருக்கிறது. ஆனால் அடுத்த பன்னிரண்டு வாரங்களுக்கான முன்கணிப்பு 120, 150, 200, 260, 300, 280, 240, 160, 90, 60, 50, 50 என்று போகிறது. முதல் ஐந்து வாரங்களிலேயே 1,030 போய்விடும். மீதி 170 என்பது ஆறாவது வாரத்துத் தேவையான 280-இல் ஏறத்தாழ 0.6 பங்கு. ஆகவே உண்மையான இருப்பு 5.6 வாரம். ஆர்டர் கொடுத்துச் சரக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆகும் என்றால், ஒரு கணக்கு நிம்மதியாக இருக்கச் சொல்லும் அதே நாளில் மற்றொரு கணக்கு இன்றே ஆர்டர் போடச் சொல்கிறது.

எவ்வளவுக்கு ஆர்டர் போடுவது என்பதும் இதே அளவுகோலிலிருந்து வருகிறது. எங்கள் இலக்கு எட்டு வாரம்: சரக்கு வர ஐந்து, ஆர்டரை மறுபடி பார்க்கும் இடைவெளிக்கு ஒன்று, எதிர்பாராத ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு. அடுத்த எட்டு வார முன்கணிப்பின் கூட்டுத்தொகை 1,710 என்பதால் 510 விசிறிக்கு ஆர்டர் போக வேண்டும். பழைய கணக்கில் எட்டு வாரம் என்றால் 800 போதும். கையில் 1,200 இருப்பதால் ஆர்டரே தேவைப்படாது.

இங்கே பலரும் நடுவழியாக ஒன்று செய்வதைப் பார்த்திருக்கிறேன். முன்கணிப்பைத்தான் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பன்னிரண்டு வாரத்தின் சராசரியால் இருப்பை வகுக்கிறார்கள். மேலே உள்ள எண்களில் அந்தச் சராசரி 163. வார இருப்பு 7.3 என்று வரும், ஆர்டர் 107 என்று வரும். பருவத்தின் உச்சம் நடுவில் இருக்க, அதற்குப் பின் வரும் மந்தமான வாரங்கள் சராசரியைக் கீழே இழுத்து, நெருக்கடியை மறைத்துவிடுகின்றன. முன்கணிப்பின் பயனே எந்த வாரத்தில் எவ்வளவு என்ற வடிவத்தில் இருக்கிறது. சராசரி எடுத்தால் அந்த வடிவம் தொலைந்துபோகும். ஒவ்வொரு வாரமாகக் கழிப்பது சிரமமான வேலையும் அல்ல. எக்செலில் B2-இல் இருப்பையும், C2 முதல் AB2 வரை 26 வார முன்கணிப்பையும், அதற்குக் கீழே மூன்றாம் வரிசையில் அதன் தொடர் கூட்டுத்தொகையையும் வைத்தால் இந்த ஒரு சூத்திரம் போதும்:

```
=IF(B2<C3, B2/C2,
 MATCH(B2,C3:AB3,1)
 + (B2-INDEX(C3:AB3,MATCH(B2,C3:AB3,1)))
 / INDEX(C2:AB2,MATCH(B2,C3:AB3,1)+1))
```

இருபத்தாறு வாரத்திலும் தீராத அளவுக்குச் சரக்கு இருந்தால் இது #REF! என்று காட்டும். அதைப் பிழை என்று அழித்து வெற்றிடமாக விடக் கூடாது, ஏனென்றால் பணம் அதிகமாக முடங்கிக் கிடக்கும் பொருள்கள் அவைதான். நாங்கள் அவற்றை "26-க்கு மேல்" என்று குறித்துத் தனியாகப் பார்க்கிறோம்.

பருவம் முடியும்போது இந்த அளவுகோல் செய்யும் உதவி, தொடக்கத்தில் செய்வதைவிடப் பெரியது என்பது என் கருத்து. அதே விசிறிக்கு ஏழு வாரம் கழிந்து, இடையில் வந்த சரக்கும் சேர்ந்து 600 கையில் இருக்கிறது, விற்பனையும் முன்கணித்தபடியே நடந்தது என்று கொள்வோம். உச்ச வாரங்கள் இப்போது கடந்த கால விற்பனைக்குள் வந்துவிட்டதால், எட்டு வாரச் சராசரி 206 ஆகிவிட்டது. பழைய கணக்கு 2.9 வாரம்தான் இருக்கிறது என்று அலறும். எட்டு வார இலக்கை எட்ட ஆயிரத்துக்கும் மேல் ஆர்டர் போடச் சொல்லும். அந்தச் சரக்கு வந்து இறங்கும்போது விற்பனை வாரத்துக்கு 50-ஆக இருக்கும்; அதாவது இருபது வாரத்துக்கு மேல் கிடங்கில் தூங்கும். முன்கணிப்பின்படி கழித்தால், 160, 90, 60 போக, அதன்பின் வாரத்துக்கு 50 என்ற கணக்கில் அதே 600 விசிறி 8.8 வாரம் தாங்கும், ஆர்டரே தேவையில்லை. பருவ முடிவில் தேங்கும் சரக்கில் பெரும்பகுதி இப்படி, நல்ல விற்பனை நடந்த வாரங்களின் நினைவில் போடப்பட்ட கடைசி ஆர்டரிலிருந்து வருவதுதான்.

இனி இந்த முறையின் பலவீனத்துக்கு வருகிறேன். எல்லாம் முன்கணிப்பின் தரத்தைச் சார்ந்திருக்கிறது. முன்கணிப்பு ஊதிப்பெருத்திருந்தால் வார இருப்பு குறைவாகத் தெரியும், ஆர்டர் அதிகமாகப் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், முன்கணிப்புக்கான பத்தியில் விற்பனைப் பிரிவின் மாத இலக்கையே நிரப்பி வந்தார்கள். இலக்கு என்பது ஆட்களை உந்துவதற்காக உயர்த்தி வைக்கப்படுவது. அதைக் கொண்டு இருப்பை அளந்தால், விற்காமல் போன இலக்கின் ஒவ்வொரு பங்கும் கிடங்கில் சரக்காகச் சேரும். அங்கே அப்படியே சேர்ந்தது.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பியிருக்கும் சோதனை ஒன்று உண்டு. புதிய சரக்கு வராத, முன்கணிப்பும் மாற்றப்படாத வாரங்களில், முன்கணிப்பு சரியாக இருந்தால் வார இருப்பு வாரத்துக்கு ஒன்று வீதம்தான் குறைய வேண்டும். பருவம் ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது, ஏனென்றால் ஏற்ற இறக்கம் முன்கணிப்புக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன விசிறி 5.6-இல் தொடங்கி நான்கு வாரத்தில் 1.6-க்கு வர வேண்டும். அந்த நான்கு வாரமும் முன்கணிப்பில் 70 சதவீதமே விற்றிருந்தால், 730-க்குப் பதில் 511 போயிருக்கும். மீதி 689 விசிறி 2.45 வாரத்துக்கு வரும். நான்கு குறைய வேண்டிய இடத்தில் மூன்று சொச்சம்தான் குறைந்திருக்கிறது. ஒரு வாரத்து விலகலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரு பெரிய கடையின் ஆர்டர் வெள்ளிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை வந்தாலே எண் ஆடிவிடும். நான்கைந்து வாரம் ஒரே திசையில் விலகினால், முன்கணிப்பு போட்டவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். குறைவு ஒன்றைவிட வேகமாக இருந்தால் முன்கணிப்பு தாழ்வாக இருக்கிறது. அது அதைவிட அவசரம்.

இந்தச் சோதனை வேலை செய்ய, முன்கணிப்பை மாற்றும்போது பழையதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரு சரக்கும் நகராமலேயே வார இருப்பு ஐந்திலிருந்து எட்டுக்குத் தாவுவதைப் பார்க்கலாம். யாரோ முன்கணிப்பைக் குறைத்திருப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு திங்களும் இன்றைய இருப்பைப் போன வாரத்து முன்கணிப்பாலும் இந்த வாரத்து முன்கணிப்பாலும் இரண்டு முறை அளக்கிறோம். முதல் எண், போன வாரத்து எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது விற்பனையும் வரவும் செய்த மாற்றம். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு திருத்தம் செய்த மாற்றம். கூட்டத்தில் கொள்முதல் பிரிவும் விற்பனைப் பிரிவும் மோதிக்கொள்வது இதற்குப் பின் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரக்கு இல்லாமல் போன வாரங்களும் கவனத்துக்குரியவை. எட்டில் நான்கு வாரம் கிடங்கு காலியாக இருந்தால் கடந்த விற்பனையின் சராசரி பாதியாகும், வார இருப்பு இரு மடங்காகத் தெரியும். தட்டுப்பாடு இருந்த பொருளே தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். முன்கணிப்புக்கு மாறினால் இது தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முன்கணிப்பும் பழைய விற்பனையிலிருந்துதான் உருவாகிறது. இருப்பு சுழியமாக இருந்த வாரங்களை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விலக்கினால்தான் பயன் கிடைக்கும்.

வழியில் இருக்கும் சரக்கை இருப்போடு சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆர்டர் அளவை முடிவு செய்யச் சேர்க்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தேவைக்கு இரண்டு முறை ஆர்டர் போகும். ஆனால் கடைகளுக்குச் சரக்கு கொடுக்க முடியுமா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. கையில் இரண்டு வாரச் சரக்கும், ஐந்தாவது வாரத்தின் தொடக்கத்தில் வரவிருக்கும் ஆறு வாரச் சரக்கும் சேர்ந்து எட்டு என்று அழகாகத் தெரியும்; மூன்றாவது, நான்காவது வாரங்களில் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் எங்கள் அறிக்கையில் கையிருப்பு மட்டும் ஒரு பத்தி, வழியில் இருப்பதும் சேர்ந்தது மற்றொரு பத்தி, அடுத்த வரவுத் தேதி மூன்றாவது பத்தி. கடைகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டு இன்னும் அனுப்பாத சரக்கு முதல் இரண்டு பத்திகளிலும் கழிக்கப்பட்டிருக்கும்.

மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் உதிரிப் பாகங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை. வாரத்துக்கு 0.3 என்ற முன்கணிப்பில் கையில் உள்ள மூன்று பாகங்கள் பத்து வாரம் என்று காட்டும். ஒரே வாடிக்கையாளர் மூன்றையும் வாங்கிப் போனால் மறுநாளே சுழியம். அவற்றை வார இருப்பு அறிக்கையிலிருந்தே எடுத்துவிட்டோம். பொருளுக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை குறித்து வைத்து, அதற்குக் கீழே போனதும் அடுத்த ஆர்டரில் சேர்த்துவிடுகிறோம்.