வலது பக்கம் ஊமையாகிப்போன ஆம்ப்ளிஃபையர்: மூன்று வருஷ அனுபவம்

பெரியப்பா எண்பதுகளில் பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இது. மூன்று வருஷத்துக்கு முன் திருவான்மியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது, வலது பக்கம் சத்தமே இல்லை. தூக்கிக்கொண்டு ரிட்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் மூடியைக்கூடத் திறக்காமல், "அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுச்சு சார், ஜோடியா மாத்தணும், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் முதலில் செய்தது, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றியதுதான். வலது ஒயரை இடது டெர்மினலிலும் இடதை வலதிலும் செருகினேன். இதுவரை ஊமையாக இருந்த ஸ்பீக்கர் பாடியது, பாடிக்கொண்டிருந்தது அடங்கியது. ஆக, ஸ்பீக்கரிலும் ஒயரிலும் குறை இல்லை. அடுத்து சிடி பிளேயரிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. பின்களை மாற்றிச் செருகினேன். அப்போதும் ஆம்ப்ளிஃபையரின் வலது பக்கம்தான் மௌனம். பிளேயரும் நன்றாக இருக்கிறது, கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள்தான்.

மூன்றாவதாக ஹெட்போனை மாட்டினேன். இந்த மாதிரி ஆம்ப்ளிஃபையர்களில் ஹெட்போனுக்கான சிக்னல் பெரும்பாலும் பின்பக்க டெர்மினலுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அதிலும் வலது காதில் ஒன்றுமில்லை. சும்மா, எந்த இன்புட்டைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் குமிழை மெதுவாக அசைத்துப் பார்த்தேன். கரகரவென்று இரைந்து, வலது காதில் பாட்டு வந்து போனது. டிரான்சிஸ்டர் செத்திருந்தால் குமிழைத் திருகுவதற்கெல்லாம் உயிர் வராது.

பிளக்கை உருவி, ஒரு இரவு விட்டுவிட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன். முன்பக்கக் குமிழிலிருந்து ஒரு நீளக் கம்பி பின்னால் போய், இன்புட் சாக்கெட்டுகளை ஒட்டியிருக்கும் சுவிட்சைத் திருப்புகிறது. அதன் இடுக்கில் டார்ச் அடித்தால் பித்தளைக் குத்துவிளக்கை வருஷக்கணக்கில் துலக்காமல் விட்டதுபோல் கறுத்த தகடுகள். வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறது. எங்கள் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இருந்தது, அதை அடித்தேன். அன்றைக்கே இரண்டு பக்கமும் பாடியது. நாலே மாதத்தில் அந்த எண்ணெய்ப் பசையில் தூசி அப்பிக்கொண்டு வலது பக்கம் திரும்ப அடங்கிவிட்டது. பிறகு எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் வாங்கி, மெல்லிய குழாயை இடுக்கில் நுழைத்து, இரண்டே சொட்டு அளவு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை திருப்பினேன். அழுக்கை எடுப்பது பாதி ஸ்பிரே, மீதி இந்தத் திருப்பல்தான். டேப் மானிட்டர் பொத்தானுக்கும் அதே வைத்தியம், ஏனென்றால் எந்த இன்புட்டில் கேட்டாலும் சிக்னல் அதையும் தாண்டித்தான் போகிறது. ஒரு மணி நேரம் உலரவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், வெள்ளிப் பூச்சு மெல்லியது, போனால் திரும்பாது.

ஹெட்போனில் இப்போது இரண்டு பக்கமும் சுத்தம். ஆனால் ஸ்பீக்கரில் மட்டும் வலது பக்கம் அவ்வப்போது அறுந்தது. பின்னால் ஒயரை லேசாக அழுத்தினால் வந்தது, விட்டால் போனது. திரும்பத் திறந்து போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வலது டெர்மினலின் காலைச் சுற்றி ஈயப் பற்றில் முடி இழை மாதிரி ஒரு வட்ட விரிசல். கனமான ஒயரை இத்தனை வருஷம் இழுத்து இழுத்துச் செருகியதில் வந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன்.

நல்ல ஸ்பீக்கரை மாட்டுமுன் ஒயர் இல்லாமல், பாட்டும் இல்லாமல், டெர்மினலில் டிசி வோல்டேஜ் அளந்தேன். இடது 12 மில்லிவோல்ட், வலது 18. ஐம்பதுக்குள் இருந்தால் பயமில்லை. முழு வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, காயில் கருகிவிடும். அப்போதுதான் அது உண்மையிலேயே கடைக்காரர் வேலை.

ஒயர் நுனியையும் முறுக்கி ஈயம் பூசினேன். ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டாலே, கடைக்காரர் சொன்ன அந்த டிரான்சிஸ்டர் நிஜமாகவே போய்விடக்கூடும். ஒயரின் கனம் டெர்மினலில் தொங்காமல் அலமாரிக் காலில் நைலான் டையால் கட்டிவைத்தேன். அன்றிலிருந்து அந்தப் பற்று அசையவில்லை.

செலக்டர் அப்படியில்லை. ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் இசைத்தட்டுக்கான ஃபோனோ நிலையில் வலது பக்கம் கொஞ்சம் மங்குகிறது, இருபது தடவை திருப்பினால் தெளிகிறது. ஸ்பிரே மறுபடி தேவைப்பட்டது ஒரே தடவைதான், போன மார்கழிக்கு முன்.