சிபில் சரிசெய்து தருகிறோம் என்ற போர்டை நம்பி 8,500 ரூபாய் விட்டேன்

நேற்று சாயங்காலமும் அந்த ஆளுக்கு ஃபோன் போட்டேன். இரண்டு ரிங் போய் கட் ஆனது. மறுபடியும் போட்டால் பிஸி. என் நம்பரை பிளாக் செய்திருக்கிறான் என்று என் மச்சினன் அவனுடைய ஃபோனில் இருந்து போட்டுப் பார்த்துச் சொன்னான். அவனுக்கு உடனே எடுத்து "சொல்லுங்க சார்" என்றானாம். ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன், நாளைக்கு விட்டால் 'போகுது போ' என்று விட்டுவிடுவேன்.

எனக்கு முக்கூடல் பக்கம் சின்ன மாவு மில். மிளகாய், மல்லி அரைக்கப் பெரிய மெஷின் ஒன்று போட நான்கு லட்சம் வேண்டியிருந்தது. ஆடி மாதம் பாளையங்கோட்டையில் நான் வரவு செலவு வைத்திருக்கும் பேங்கில் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர். நான் வாங்கிய கடன்களின் வரலாறு நிற்கும் சிபில் ரிப்போர்ட்டைத் திறந்து, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அண்ணாச்சி, ஒரு பைக் லோன் மூணு வருஷமா ஓவர்டியூல நிக்குதே. 531 ரூபாய். இதை வச்சுக்கிட்டு என்னால ஃபைலை மேல அனுப்ப முடியாது" என்றார்.

அந்த பைக் லோன் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டது. 24 தவணை. கடைசித் தவணையை 2022 மார்ச் 3ஆம் தேதி அவர்கள் கிளையிலேயே ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். மார்ச் 22ஆம் தேதி, கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் ஆர்டிஓ ஆபீசில் ஆர்சி புத்தகத்தில், வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற ஹெச்பி பதிவைக் கேன்சலும் செய்தாயிற்று. ஆர்டிஓவே நம்பிய என்ஓசியை சிபில் நம்பவில்லை.

இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். பேங்கை விட்டு வெளியே வந்த அன்றைக்கே, வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் 'சிபில் ஸ்கோர் சரிசெய்து தரப்படும்' என்று பெரிய போர்டு கண்ணில் பட்டது. ஏறினேன். உள்ளே ஏசி, இரண்டு பெண்பிள்ளைகள் கம்ப்யூட்டரில், சுவரில் திருச்செந்தூர் முருகன் படம். முப்பது வயசுப் பையன். என் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் அந்த 531 ரூபாயை வட்டம் போட்டான்.

நான் கேட்டேன், "ஐந்நூத்தி முப்பத்தொண்ணுதானே தம்பி, கட்டிட்டுப் போயிரட்டுமா?" அவன் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "கட்டிராதீங்க அண்ணாச்சி. கட்டினா மூணு வருஷம் பாக்கி வச்சது உண்மைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. லோன் இன்னைக்குத்தான் முடிஞ்சதுன்னு ஏறும், பழைய கறை அப்படியே நிக்கும்."

அவன் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான். அந்த ஒரு உண்மையில் நான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்து 4,500 ரூபாய் அட்வான்ஸ் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து "ஃபைல் மூவ் ஆயிட்டு" என்று மீதி 4,000. மொத்தம் 8,500. ரசீது கேட்டதற்கு, "வாட்ஸ்அப்ல அனுப்புதேன் அண்ணாச்சி" என்றான். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. என் பான் நம்பர், ஆதார், ஃபோனுக்கு வந்த ஓடிபி எல்லாம் கேட்டான், கொடுத்தேன். ஓடிபி சொல்லும்போது பக்கத்தில் இருந்த என் வீட்டம்மா என் கையைக் கிள்ளினாள். கேட்டேனா நான்?

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. "மும்பைல இருந்து பதில் வரணும்." "சர்வர் டவுன்." "ஆடி வெள்ளி, ஸ்டாஃப் லீவு." ஆவணி முழுக்க "ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்". புரட்டாசியில் நேரில் போனால் அந்தப் பெண்பிள்ளை, "சார் நாகர்கோவில் போயிருக்காங்க" என்கிறது. கீழே அவன் வண்டி நிற்கிறது.

கடைசியில் என் அக்கா மகன்தான் கண்டுபிடித்தான். என் ஃபோன் நம்பரில், சிபில் ரிப்போர்ட் தரும் கம்பெனியின் தளத்தில் லாகின் செய்து, டிஸ்ப்யூட், அதாவது ரிப்போர்ட்டில் தப்பு என்று போடும் புகாரின் நிலவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தான். இமெயில் என்ற இடத்தில் அந்தப் பையனுடைய இமெயில். நான் கொடுத்த ஓடிபியில் அவன் செய்தது அதுதான். டிஸ்ப்யூட் ஒன்று போட்டிருக்கிறான், உண்மை. ஆனால் காரணம் என்று எதைத் தேர்வு செய்தான் தெரியுமா? 'இந்தக் கணக்கு என்னுடையது இல்லை.'

கணக்கு என்னுடையதுதானே! கையெழுத்து என்னுடையது, பான் என்னுடையது, பைக் வாசலில் நிற்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனி பார்த்தது, "கணக்கு இவருடையதே" என்று பதில் எழுதியது, டிஸ்ப்யூட் நிராகரிப்பு. அந்தப் பதில் ஒரு மாதத்துக்குள்ளேயே அவன் இமெயிலுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் என்னிடம் மும்பை, சர்வர், நாகர்கோவில். ஆளுக்கு ஆள் இதே பொத்தானை அமுக்கிவிட்டுக் காசு வாங்குகிறான்போல.

இன்னொன்று. அப்படி டிஸ்ப்யூட் போடக் கட்டணமே கிடையாது. ஒரு பைசா கிடையாது. 8,500 கொடுத்தேன்.

பிறகு நாங்களே இறங்கினோம். முதலில் ஃபைனான்ஸ் கம்பெனி கிளை. அங்கேயும் அதே ராகம்: "என்ஓசி கொடுத்தாச்சே அண்ணாச்சி, அப்புறம் என்ன?" அக்கா மகன் விடவில்லை. லோன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று நின்றான். ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் 531 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நான் 3ஆம் தேதி ரொக்கமாகக் கட்டியது தெரியாமல், 5ஆம் தேதி வழக்கம்போல என் பேங்க் கணக்கில் இருந்தும் தவணையை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். கணக்கில் பணம் இல்லை, ரிட்டர்ன். பவுன்ஸ் சார்ஜ் 450, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 81. கூட்டினால் 531. இது கணக்கில் ஏறியது மார்ச் 31, அதாவது என்ஓசி கொடுத்து ஒன்பது நாள் கழித்து. அசல் இல்லை, வட்டி இல்லை, இந்தத் துண்டுத் தொகை மட்டும் தொங்கியதால் கணக்கு மூடப்படாமல், மாதாமாதம் 'பாக்கி' என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட இல்லை.

ரசீது, என்ஓசி, அந்த ஸ்டேட்மென்ட், மூன்றையும் இணைத்து ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இமெயில். ரிப்போர்ட் கம்பெனி தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவன் 'ஆமாம், தப்பு' என்று சொன்னால்தான் மாற்றும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் தட்ட வேண்டும். முதலில் லாகினில் இமெயிலை என்னுடையதாக மாற்றினோம். பிறகு புது ரிப்போர்ட் எடுத்து, அதில் உள்ள கன்ட்ரோல் நம்பரை வைத்து டிஸ்ப்யூட். இந்த முறை கணக்கு என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு, தப்பாக இருந்த இடங்களை மட்டும் சொன்னோம்: Date Closed காலியாக இருக்கிறது, Amount Overdue 531 என்பது தவறு.

பதினெட்டாம் நாள் சரியானது. முடிந்த தேதி 2022 மார்ச், பாக்கி பூஜ்யம். 531 ரூபாயை அவர்களே தள்ளுபடி செய்துவிட்டார்கள். வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

மறுநாள் மேனேஜரிடம் போனால், அவர் கீழே ஒரு கட்டம்கட்டமான வரிசையைக் காட்டினார். Days Past Due என்று இருக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாள் பாக்கி என்ற எண். நல்ல கணக்கென்றால் 000 என்று நிற்கும். எனக்கு மூன்று இலக்கத்தில் ஏறிக்கொண்டே போகிறது. 2022 மார்ச்சில் முடிந்த லோனுக்கு 2024இல் எப்படியய்யா பாக்கி நாள் வரும்? ஃபைனான்ஸ் கம்பெனி மேலே உள்ள வரிகளை மட்டும் திருத்திவிட்டு வரலாற்றை அப்படியே விட்டிருக்கிறது. நாங்களும் அதைக் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. இப்போது அதற்காக இரண்டாவது டிஸ்ப்யூட் போட்டு இன்றைக்கு ஒன்பதாம் நாள். மெஷின்காரர் விலையைக் கூட்டிவிட்டார், அது தனி வயிற்றெரிச்சல்.

அந்தப் பையனிடம் 8,500ஐத் திருப்பிக் கேட்டேன். "தீபாவளி முடியட்டும் அண்ணாச்சி, தாரேன்" என்றான். தீபாவளி முடிந்தது. பிளாக்.

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மில்லில் ஆள் காத்திருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே லாகின் செய்து இமெயில் யாருடையது என்று பாருங்கள்.

சிபில் ஒன்று மட்டும் இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு கம்பெனி. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். என் பைக் லோன் இன்னும் இரண்டில் அதே 531ஓடு நிற்கிறது, அங்கேயும் போட்டிருக்கிறேன்.

புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் கடன் கொடுத்த கம்பெனிக்கு 21 நாள். தாண்டினால் நாளைக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் பேங்க் விதி. நீங்கள் போட்ட தேதியை எழுதி வையுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார். அதற்கும் கட்டணம் இல்லை.

என்ஓசியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் ஒன்று வாங்கி, எல்லாம் பூஜ்யமா என்று பாருங்கள்.

வண்ணாரப்பேட்டையில் அந்த போர்டு இன்றைக்கும் தொங்குகிறது. லைட் போட்டிருக்கிறார்கள் அதற்கு.