கிம்ப்பில் கரும்பலகைச் சாக்பீஸ் படம்: ரொம்ப நாள் பயன்படுத்தியவனின் புலம்பல்

பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழுக்குப் பிள்ளைகளின் போட்டோவைக் கரும்பலகையில் வரைந்தது போல மாற்ற கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதும். ஆனால் ஒரு விஷயம் என்னை இன்னமும் கடுப்பேற்றுகிறது.

வழக்கமான வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேயரை நகலெடுத்து, மேல் லேயரை Invert செய்து Dodge மோடில் வைத்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும், அப்புறம் அதே லேயருக்கு Gaussian Blur கொடுக்கக் கொடுக்கக் கோடுகள் எழும். இரண்டையும் ஒன்றாக்கித் திரும்ப Invert செய்து, பலகைப் படத்தின் மேல் Screen மோடில் வைத்தால் கறுப்பு மறைந்து வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். பார்க்க அழகு.

கடுப்பு அந்த பிளர் அளவில்தான். அது பிக்சல் கணக்கு என்பதால், போனில் எடுத்த பெரிய படத்தில் சின்ன அளவு கொடுத்தால் முடி போல மெல்லிய கோடு வரும், அச்சில் காணாமல் போகும். சரி, கூட்டலாம் என்றால் கோட்டோடு நிழலும் சேர்ந்து வருகிறது. நிழல் வந்தபின் Invert செய்தால் கறுப்பு முடி வெள்ளை முடியாகிறது, கண்மணி வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பெண் பாட்டி மாதிரி, அதுவும் பேய்க்கதைப் பாட்டி மாதிரி நிற்கிறாள்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி: முதலில் படத்தை 700 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறேன், 3 அல்லது 4 பிளர் போதும், கோடு வந்தபிறகு பெரிதாக்கினால் அது சாக்பீஸ் தடிமனுக்கு வந்துவிடும். ஓரம் கொஞ்சம் மங்கும், அதுவும் நல்லதுதான்.

பொடிப்பொடியாக விட்டுப்போகும் தன்மைக்கு, பலகைப் படத்தையே கோட்டு லேயரின் மாஸ்க்கில் ஒட்டுங்கள். ஒட்டியதும் ஒன்றுமே நடக்காது, கோடு மொத்தமாக மங்கும், அவ்வளவுதான். பலகையின் சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதுதான் காரணம். மாஸ்க்கில் Levels போட்டு இரண்டு முனைகளையும் நெருக்கினால், பள்ளத்தில் கோடு அறுந்து மேட்டில் மட்டும் பிடிக்கும். இது வேலை செய்யும் கணத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் குழந்தை வரைந்தது போல இருக்குமா என்றால், இருக்காது. நன்றாக வரையத் தெரிந்த பெரியவர் சாக்பீஸில் வரைந்தது போலத்தான் இருக்கும். குழந்தை மூக்குக்கு நிழல் போடாது. நான் கண், மூக்கு, வாயை அழித்துவிட்டு, Chalk பிரஷ்ஷில் இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் கையால் போடுகிறேன். பூப்போட்ட சட்டை என்றால் அதையும் அழிக்க வேண்டும், கோடுகள் எறும்புக் கூட்டமாக மொய்க்கும்.

இவ்வளவு திட்டியும் நண்பரிடம் இதையே பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். இதற்குக் காசு கொடுக்க வேண்டாம், அது ஒரு காரணம். வகுப்பு குரூப் போட்டோவை மட்டும் கொண்டுவராதீர்கள், 700 பிக்சலில் நாற்பது முகத்துக்கு இடமே கிடையாது.