உப்புநீர் ஊசி, ஆக்சிஜன் அறை, வீடியோப் பயிற்சி: ஆட்டிச சிகிச்சைகளை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

"ஊசி போட்ட ஒரு மாதத்தில் பையன் என் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்." ஓர் அம்மா இப்படிச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பையன் நிஜமாகவே பார்த்திருப்பான். ஊசி போடாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டானா என்பதுதான் கேள்வி. ஒரே குழந்தை ஊசி போட்டும் போடாமலும் ஒரே மாதத்தை இரண்டு முறை வாழ முடியாது. அதனால் அந்தக் கேள்விக்கு அம்மாவாலும் பதில் சொல்ல முடியாது, விற்பவராலும் முடியாது.

பதில் கிடைத்த ஒரு கதை செக்ரெடினுடையது. இது செரிமானத்தில் பங்கெடுக்கும் ஹார்மோன். கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இதை ஊசியாகப் போடுவார்கள். அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப் பரிசோதனையின்போது இதைப் போட்டார்கள். சில வாரங்களில் வயிற்றுத் தொல்லை குறைந்ததோடு பேச்சும் கண் பார்த்தலும் கூடின என்று 1998இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. செய்தி பரவியது, ஊசி கேட்டுப் பெற்றோர் வரிசையில் நின்றார்கள்.

மறு வருடமே 60 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு தடவை செக்ரெடின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. சிரமங்களை 0 முதல் 158 வரை அளக்கும் பட்டியல் ஒன்று உண்டு. எண் கூடினால் சிரமம் கூடுதல். நான்கு வாரத்தில் செக்ரெடின் குழுவின் சராசரி 8.9 குறைந்தது. உப்புநீர் குழுவில் 17.8 குறைந்தது! உப்புநீர்தான் மருந்து என்று ஓடிவிட வேண்டாம். இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. உப்புநீர் வாங்கிய குழந்தைகளும் 'முன்னேறினார்கள்' என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எப்படி? சிறு குழந்தை ஒரு மாதத்தில் தானாகவே ஏதாவது கற்றுக்கொள்ளும். நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் நாம் புதுச் சிகிச்சை தேடிப் போகிறோம். மோசமான காலத்துக்குப் பிறகு சற்று நல்ல காலம் வருவது இயல்பு. அப்புறம், ஊசி போட்ட பிறகு நாம் உற்றுப் பார்க்கிறோம். போன மாதமும் செய்த ஒன்று இந்த மாதம்தான் கண்ணில் படுகிறது. வருத்தமான விஷயம் ஒன்று: சோதனை முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 சதவீதம் பேருக்கு செக்ரெடின் மேல் ஆர்வம் போகவில்லை. கண்ணால் கண்டதை எண் வெல்வது அவ்வளவு கடினம்.

இதே கண்ணோடு ஆக்சிஜன் அறைக்கு வருவோம். காற்றழுத்தத்தைக் கூட்டிய கூண்டுக்குள் குழந்தையைத் தினமும் ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். 2009இல் 62 குழந்தைகளிடம் நடந்த சோதனை 40 அமர்வுக்குப் பிறகு பலன் இருந்ததாகச் சொன்னது. விளம்பரங்களில் வருவது அதுதான். 2012இல் தாய்லாந்தில் 60 குழந்தைகளிடம் நடந்த சோதனையை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அதில் நிஜச் சிகிச்சை பெறாத போலிக் குழுவையும் கூண்டுக்குள் வைத்து, காதில் அடைப்பு உணர்வு வரும் அளவுக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். பெற்றோருக்கு எந்தத் துப்பும் கிடைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு குழுவுமே முன்னேறின, அவற்றுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நிஜ ஆக்சிஜன் குழுவுக்கு அதிகமாகக் கிடைத்தது காதில் அழுத்தக் காயம்.

ஒரு சோதனை ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது? போலிச் சிகிச்சை எவ்வளவு நிஜம் போல இருந்தது, பிறகு வேறு ஆட்கள் செய்தபோது அதே முடிவு வந்ததா என்ற இரண்டை மட்டும் நான் பார்ப்பேன். 2010இல் வேறொரு குழு செய்த சோதனையிலும் பலன் தெரியவில்லை.

இப்போது எதிர்ப் பக்கத்தில் ஒன்றை வைப்போம். பேக்ட் என்றொரு பயிற்சி. அப்பாவோ அம்மாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்டும் அவரும் சேர்ந்து பார்ப்பார்கள். குழந்தை காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அம்மா "இது என்ன கலர்?" என்று கேட்கிறார். வீடியோவை நிறுத்தி, "அவன் பார்வை எங்கே இருக்கிறது?" என்பார் தெரபிஸ்ட். கேள்வியை விட்டுவிட்டு, "சுத்துது" என்று சொல்லிக் காத்திருக்கப் பழகுவதுதான் பயிற்சி. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்.

2010இல் பிரிட்டனில் 152 குழந்தைகளைப் பயிற்சி பெறுவோர், பெறாதோர் என்று இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது வந்த முடிவும் சாதாரணம்தான். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் நன்றாக மாறியது. ஆனால் எந்தக் குழு என்று தெரியாமல் மதிப்பிட்டவர்களின் அளவீட்டில் ஆட்டிச அறிகுறிகள் குறிப்பிடும்படி குறையவில்லை. குழந்தையின் மொழி நன்கு வளர்ந்திருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். நேரடி மொழிச் சோதனையில் அந்த அளவு தெரியவில்லை. நல்ல பயிற்சியிலும் பெற்றோரின் கண் கொஞ்சம் கூட்டித்தான் பார்க்கிறது! சுமார் ஆறு வருடம் கழித்து 121 குழந்தைகளை மறுபடி பார்த்தபோது, பயிற்சி பெற்ற குழுவில் அறிகுறிகளின் தீவிரம் ஓரளவு குறைவாக இருந்தது. பதற்றத்திலும் நடத்தைச் சிக்கல்களிலும் வித்தியாசம் இல்லை, அதையும் சேர்த்தே எழுதினார்கள். எனக்கு இதன்மேல் நம்பிக்கை வந்ததற்கு அந்த 'இல்லை'களும் ஒரு காரணம். எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொல்லும் சிகிச்சையில் அப்படி ஒரு வரிகூட இருக்காது.

இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவையும் உண்டு. ரத்தத்திலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் மருந்து ஏற்றியதில், கால்சியம் சரிந்து இதயம் நின்று 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஆட்டிசத்துக்கு மருந்து என்று சிலர் விற்கும் குளோரின் டையாக்சைடு கரைசல் வெளுப்பான் வகைப் பொருள். 'முயன்று பார்ப்போமே' என்ற பேச்சே இவற்றுக்குக் கிடையாது.

சரி, ஆபத்தில்லாத ஒன்றை வீட்டில் தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை தானாக எதையாவது கேட்பதை மட்டும் எண்ணுங்கள்: கை நீட்டுவது, இழுத்துப் போவது, சொல்வது, எதுவானாலும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, ஒரே விளையாட்டை 10 நிமிடம் வீடியோ எடுங்கள். எண்கள் 3, 7, 2, 5, 4, 6 என்று வந்தால், ஒன்றும் செய்யாமலேயே 2 முதல் 7 வரை ஆடுகிறது என்று அர்த்தம். சிகிச்சை தொடங்கிய பிறகு ஒருநாள் 7 வந்தால் அது செய்தியே இல்லை. இரண்டு மாதம் கழித்து அதேபோல ஆறு வீடியோ எடுத்து, பழையதையும் புதியதையும் கலைத்து, தேதி தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். இடையில் புதுப் பள்ளியோ வேறு மருந்தோ தொடங்கினால் கணக்கு கெட்டுவிடும். எண் கூடினாலும் காரணம் சிகிச்சைதான் என்று இது நிரூபிக்காது, குழந்தை வளர்ந்தும் இருக்கலாம். கூடவில்லை என்றால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறெதற்காவது திருப்பலாம்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "எது நடக்கவில்லை என்றால், எந்தத் தேதியில் நிறுத்தலாம்?" சில தெரபிஸ்டுகள் தேதியும் அளவும் எழுதிக் கொடுப்பார்கள். சிலர், "இன்னும் 20 அமர்வு போகட்டும்" என்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், "நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்பவர்களும் உண்டு. அங்கே மேற்கொண்டு ஒரு கேள்வியும் தேவையில்லை, பையனைக் கூட்டிக்கொண்டு நேராக ஒரு டாக்டரிடம் போங்கள்.