குமுளியில் போன் வாங்கினால் கூகுள் கணக்கைக் கடைக்காரர்களைத் திறக்க விடாதீர்கள்

அப்பா வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வீடு கம்பத்தில். சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்ததும் குமுளிக்கு வந்து பஸ் ஏறி மலையிறங்குவார். போன மாதம் அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான் போனைத் தொலைத்தார். 14,500 ரூபாய் ஆண்ட்ராய்டு போன், வாங்கி ஏழு மாதம்.

போன் போனதைவிட, அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் நான் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதற்குக் காரணம் திருடன் இல்லை, போன் விற்ற கடை. கடையின் பேரைப் போடப் போவதில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் நிறையக் கடைகள் இப்படித்தான் செய்கின்றன.

பஸ் குமுளியில் புறப்பட்டது மாலை 5.40க்கு. லோயர் கேம்ப் வந்தபோது அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், போன் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் போன் வாங்கி, அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரான என் நம்பருக்கு அடித்தார். அப்போது மணி 6.05. உடனே அவர் நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், அப்போதும் ரிங் போனது. சரி, போன் உயிரோடுதான் இருக்கிறது, தேடிவிடலாம் என்று தைரியமாக என் போனில் `android.com/find` திறந்தேன். ஈமெயில் கேட்டது.

"அப்பா, உங்க ஜிமெயில் என்ன?"

"அதெல்லாம் கடைக்காரத் தம்பிதானம்மா போட்டுக் குடுத்தான்."

கடைக்கு அடித்தேன். போன் செட் பண்ணிக் கொடுத்த பையன் வேலையை விட்டு எர்ணாகுளம் போய்விட்டானாம். முதலாளி நோட்டைப் புரட்டி ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் சொல்லும்போது 6.50 ஆகிவிட்டது. இரண்டையும் அடித்தேன். பாஸ்வேர்டு சரி. ஆனால் புது இடத்திலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று கூகுளுக்குச் சந்தேகம். 'உங்கள் போனில் வந்திருக்கும் அறிவிப்பில் ஆம் என்று அழுத்துங்கள்' என்றது. எந்தப் போனில்? தொலைந்த போனில். வேறு வழி கேட்டால், மீட்பு எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்றது. கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன, அப்பாவுடையது இல்லை. அந்த எர்ணாகுளம் பையனுடையது. அவன் போன் அணைந்திருந்தது.

இந்த வலையில் எத்தனை பேர் மாட்டியிருப்பார்களோ தெரியாது. போனைத் தேட கணக்குக்குள் போக வேண்டும், கணக்குக்குள் போக அதே போன் கையில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதாது.

ரிங் போகிறதே என்ற ஆசையில் சிம்மை முடக்காமல் வைத்திருந்தேன். 7.50க்கு மேல் 'சுவிட்ச் ஆஃப்' என்று வந்தது. அதற்கப்புறம்தான் கஸ்டமர் கேருக்கு அடித்து சிம்மை நிறுத்தினேன். மூன்றாம் நாள் அந்தப் பையன் கிடைத்து, குறியீடு சொல்லி, கணக்குக்குள் போனபோது, சாதனங்கள் பட்டியலில் அப்பாவின் போன் கடைசியாக இணையத்தில் இருந்த நேரம் சனிக்கிழமை 7.48 என்று இருந்தது. அதாவது, எனக்குச் செய்தி கிடைத்ததிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் அது இணையத்தில் இருந்திருக்கிறது. பூட்டியிருக்கலாம், ஒலிக்க வைத்திருக்கலாம், கூடலூரில் நிற்கிறதா கம்பத்துக்கே வந்துவிட்டதா என்று பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நேரில் போனேன். முதலாளி வருத்தப்பட்ட மாதிரிதான் பேசினார். "ஐஎம்இஐ வச்சு டிராக் பண்ணித் தரலாம், நமக்கு சைபரில் ஆள் உண்டு, 1,500 ஆகும்" என்றார். கொடுத்தேன், என் புத்தி அப்படி. இரண்டு வாரம் 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்தார்கள், அப்புறம் போனே எடுக்கவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை வைத்து அது எந்த சிம்மோடு வேலை செய்கிறது என்று பார்ப்பது தொலைபேசி நிறுவனங்கள் வழியாகப் போலீஸ் செய்கிற வேலை. கடையில் அதற்கு வழியே கிடையாது. அரசின் `ceir.sancharsaathi.gov.in` தளத்தில் போனை முடக்குவதற்கு ஒரு பைசா செலவில்லை. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. போலீசில் கொடுத்த புகாரின் நகலும் ஐஎம்இஐ எண்ணும் அடையாள அட்டையும் வேண்டும். ஐஎம்இஐ பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும், 15 இலக்கம். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண்கள்.

ஆனால் அது முதல் மணி நேரத்து வேலை இல்லை. அந்தத் தளம் தொலைந்த நம்பருக்கே ஓடிபி அனுப்பும், அதற்கு டூப்ளிகேட் சிம் வேண்டும். டூப்ளிகேட் சிம் போட்ட முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம்மை ஏமாற்றி மாற்றி வாங்கி ஓடிபி பார்க்கிறவர்களைத் தடுக்க வைத்த விதி. நமக்குத்தான் அவஸ்தை. எஸ்எம்எஸ் போகாததால் புதுப் போனில் யுபிஐ ஆப்பும் அந்த ஒரு நாள் பதிவாகாது. 'சிம் வாங்கிவிட்டேன், ஓடிபி ஏன் வரவில்லை' என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது அப்பாவுக்கு வேறு போன். இந்த முறை கணக்கை நானே அவர் நம்பரில் திறந்தேன். நான் செய்ததில் பெரிய வேலை ஒன்றுதான்: அப்பாவின் கூகுள் கணக்கை என் போனிலும் சேர்த்துவிட்டேன். இப்படிச் சேர்த்தால், தொலைந்த போனைத் தேடுகிற கூகுளின் `Find Hub` ஆப்பில் கணக்கை மாற்றினால் போதும், பெரும்பாலும் பாஸ்வேர்டும் கேட்காது, தொலைந்த போனில் ஆம் அழுத்தவும் சொல்லாது. கூகுள் உறுதி கேட்டாலும் அந்த அறிவிப்பு என் போனுக்கும் வரும். சேர்த்ததும் காண்டாக்ட் சிங்க்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தோட்டத்து ஆட்கள் நம்பரெல்லாம் உங்கள் போனுக்கு வந்து குவிந்துவிடும். எனக்கு வந்தது.

அடுத்தது திரைப்பூட்டு. பழைய போனில் 'பெரியவர்தானே, பூட்டு எதற்கு' என்று கடையில் போடாமலே கொடுத்திருந்தார்கள். போன் ஆஃப்லைனில் இருக்கும்போது தேடுகிற வசதி வேலை செய்யவே பின்னோ பேட்டர்னோ வேண்டும். பூட்டுப் போட்டபின் `Find Hub` அமைப்பில் `Find your offline devices` என்ற இடத்துக்குப் போனால் `With network in high-traffic areas only` என்று தானாகவே இருக்கும். கூட்டமான இடத்தில் பல போன்கள் சேர்ந்து பார்த்தால்தான் இடம் காட்டும் என்று அர்த்தம். எங்கள் மலைப்பாதையிலும் ஏலக்காட்டிலும் எங்கே கூட்டம்? அதை `With network in all areas` என்று மாற்றிவைத்தேன். அப்போது அந்த வழியாக ஒரே ஓர் ஆண்ட்ராய்டு போன் போனாலும் தகவல் சொல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் போனில் சார்ஜும் புளூடூத்தும் இருந்தால்தான்.

மூன்றாவது, `android.com/lock`. ஆண்ட்ராய்டு 10ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் திருட்டுப் பாதுகாப்பு என்ற இடத்தில் `Remote Lock` என்று இருக்கும். முன்கூட்டியே அதைத் திறந்து நம்பரைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால், எந்தப் போனிலிருந்தும் நம்பரை மட்டும் அடித்துப் போனைப் பூட்டலாம். ஈமெயிலும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். இடம் காட்டாது, பூட்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனை வைத்துக்கொண்டு நின்ற என் அப்பா மாதிரி ஆட்களுக்கு இது போதும். அந்த நேரத்தில் தொலைந்த போனில் சிம்மும் நெட்டும் இருக்க வேண்டும்.

அதனால்தான் வரிசை முக்கியம். சிம்மை முதலில் நிறுத்தினால் போனுக்கு நெட் போய்விடும், பூட்டுகிற கட்டளை போய்ச் சேராது. என்னைப் போல ஒன்றே முக்கால் மணி நேரம் சிம்மை விட்டு வைத்தாலோ, எடுத்தவன் அதைக் கழற்றி வேறு போனில் போட்டு வங்கி ஓடிபி எல்லாம் வாங்கலாம். இன்று தொலைந்தால் இப்படித்தான் செய்வேன்: இரண்டு தரம் அடித்துப் பார்ப்பேன். எடுக்கவில்லையென்றால் உடனே பூட்டி, திரையில் என் நம்பரை எழுதி, இடத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன். பஸ்ஸிலேயே கிடப்பதுபோல் தெரிந்தால் ஒலிக்க வைப்பேன், சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் கத்தும். இதற்கெல்லாம் பத்து நிமிடம். முடிந்ததோ முடியவில்லையோ, பத்தாவது நிமிடத்தில் சிம்மை நிறுத்திவிடுவேன். அப்புறம் வங்கிக்கு அடித்து யுபிஐயை நிறுத்தச் சொல்வேன். காசு போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிப்பேன். ரீசெட் மட்டும் செய்யமாட்டேன், அழித்துவிட்டால் இடம் காட்டாது. அப்பாவிடம் டிக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், கண்டக்டரைத் தேட அதுதான் வழி.

இன்னொன்று: திரையில் எழுதின நம்பருக்கு 'போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் லாகின் செய்யுங்கள்' என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். பாஸ்வேர்டு பிடுங்குகிற வழி அது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அப்பா போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் சைலண்டில் வைத்து, மாடிக்குப் போய் என் போனிலிருந்து ஒலிக்க வைத்தேன். அப்பா பதறிப்போய், "யாரோ என் போனை அடிக்கிறாங்க, எங்க இருக்குன்னு தெரியலையே" என்று வீடு முழுக்கத் தேடினார்.

கடையின் அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் போடுகிற மேசையில் திறந்தபடி கிடந்தது. பக்கம் பக்கமாக வாடிக்கையாளர் பேர், ஈமெயில், பாஸ்வேர்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி, பேரும் அதோடு 123ம். பாதி பேர் எங்கள் பக்கத்து தோட்டத் தொழிலாளர்கள். அப்பாவின் வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் வந்தேன். மற்ற வரிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே போன் வாங்கியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.