ஃபில்லிங் தூக்கலாக இருக்கிறது: காத்திருப்பதா, தேய்ப்பதா, கழற்றுவதா?

பல் அடைத்த மறுநாள் வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "டாக்டர், நேத்து அடைச்ச பல்லு கடிக்கவே விடமாட்டேங்குது. ரெண்டு நாள் பார்க்கட்டுமா, இல்ல வரட்டுமா?" கூடவே மூன்றாவது கேள்வியும் வரும்: "அடைச்சதை எடுத்துட்டு திரும்ப அடைக்கணுமா? வேர் சிகிச்சை வரைக்கும் போயிடுமா?" காத்திருப்பது, உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்வது, கழற்றி மறுபடி செய்வது என்று இந்த மூன்று வழிகளில் எது எப்போது சரி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவமும் உண்டு. பல் மருத்துவராக இருந்தும் ஒன்பது நாள் காத்திருந்த அசடு நான்.

என்னுடைய கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லில் இருந்த சொத்தையைச் சக மருத்துவர் ஒருவர் பல் நிறக் காம்போசிட் வைத்து அடைத்தார். மரப்பு ஊசி போட்டு, நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்து, முக்கால் மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். கடைசியில், பல் மோதும் இடத்தில் சாயம் பதிக்கும் நிறத்தாள் வைத்து "கடிங்க, சரியா இருக்கா?" என்றார். "சரிதான்" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாதி உதடும் நாக்கும் மரத்துக் கிடக்கிறவரிடம் கடி சரியா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பது முக்கியம், ஏனென்றால் வைத்தியமும் அதைப் பொறுத்ததே. மல்லாந்து படுத்திருக்கும்போது கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால் சரிகிறது. நெடுநேரம் திறந்திருந்த தாடைத் தசை களைத்துப் போயிருக்கும், வழக்கமான இடத்தில் கடிக்காது. பல் ஈரமாக இருந்தால் தாளின் நிறம் சரியாகப் பதியாது. நேராக 'டக் டக்' என்று கடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்காமல் விடுவதும் உண்டு. ஊசியின் மரப்பு விலகி, எழுந்து உட்கார்ந்து, முதல் வாய் மெல்லும்போதுதான் பல் உண்மையைச் சொல்கிறது.

சரி, இவ்வளவு சின்ன மேடு ஏன் இப்படி வலிக்கிறது? பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை. வேரைச் சுற்றி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார்த்திசு தொட்டில்போல் அதைத் தாங்குகிறது. அந்தத் திசு முழுக்க அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். பற்களுக்கு நடுவே இருபது மைக்ரான் அளவுள்ள ஒரு மெல்லிய தாள் வந்தாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். மேடு அதைவிடக் கொஞ்சம் கூடிவிட்டால், வாயை மூடும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பற்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையை முதலில் அந்த ஒரு பல் தனியாக வாங்குகிறது. மெல்லும்போது மட்டுமல்ல, எச்சில் விழுங்கும்போதும்.

அடிவாங்கும் திசு வீங்குகிறது. வீங்கினால் பல்லை எலும்புக்குழியிலிருந்து இம்மியளவு மேலே தள்ளுகிறது. மேலே வந்த பல் இன்னும் பலமாக மோதுகிறது. இந்தச் சுழல் ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லின் உள்ளே இருக்கும் கூழும் உசுப்பேறி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்கிறது. ஆக, கடித்தால் வலி, தட்டினால் வலி, குளிருக்குக் கூச்சம் மூன்றும் ஒரே மேட்டிலிருந்து வரலாம்.

இனி முதல் வழி: காத்திருப்பது. "நாலு நாள்ல தானா பழகிடும்" என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆழமான சொத்தையை எடுத்து அடைத்த பிறகு சில நாள் கூச்சம் இருப்பது இயல்பு. அது குறைந்துகொண்டே போகும். பல் நகரும் என்பதும் உண்மைதான். நார்வேயைச் சேர்ந்த டால் என்ற பல் மருத்துவர் 1975இல் விவரித்த முறையில், தேய்ந்துபோன முன்பற்களுக்கு இடம் உண்டாக்க வேண்டுமென்றே உயரமான ஒரு தகட்டை வைப்பார்கள். சில மாதங்களில் அந்தப் பற்கள் கொஞ்சம் அமுங்கி, பின்பற்கள் மேலெழுந்து கடி மறுபடி சேரும். ஆனால் அது திட்டமிட்டுச் செய்வது, சுமை பல பற்களில் பரவுகிறது, மாதக்கணக்கில் கண்காணிக்கிறார்கள். சொத்தை தோண்டியதால் ஏற்கெனவே உசுப்பப்பட்ட ஒற்றைக் கடைவாய்ப்பல்லில், யாரும் பார்க்காமல் அதே பரிசோதனையை நடத்துவது வேறு சங்கதி.

காம்போசிட் தானாகத் தேய்ந்து சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஒளி பட்டதும் இறுகிவிடுகிற பொருள் அது. சில வாரங்களில் தேய்ந்து இடம் கொடுக்காது. மெதுவாக இறுகும் பழைய வெள்ளிநிற அடைப்பில் மேடான இடம் முதல் நாளிலேயே உடைந்துபோகலாம், அதுவும் நல்லதல்ல. வலி மாத்திரை வீக்கத்தைத் தணிக்குமே தவிர உயரத்தைக் குறைக்காது.

என் கதையில் மூன்றாம் நாளே இடப்பக்கம் மெல்வதை நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் வலப்பக்கத் தாடைத் தசை வலிக்க ஆரம்பித்தது, எல்லா வேலையும் அதன் தலையில் விழுந்ததால். நடுவில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது: "இன்னும் வலிக்குதா?" என்று அந்தப் பல்லை அடிக்கடி கடித்துப் பார்ப்பது. பார்க்கப் பார்க்க அது ஆறவேயில்லை. (நகம் தேய்க்கும் அரத்தால் கண்ணாடி முன் நின்று தேய்த்துக்கொண்ட ஒருவரையும் எனக்குத் தெரியும். அவர் தேய்த்தது அடைப்பையல்ல, பக்கத்திலிருந்த நல்ல எனாமலை.)

இரண்டாவது வழி, தேய்த்துச் சரிசெய்வது. ஒன்பதாம் நாள் நான் போய் உட்கார்ந்தபோது நடந்ததைச் சொன்னாலே இது விளங்கிவிடும். ஊசி இல்லை; கடியை நான்தானே உணர்ந்து சொல்ல வேண்டும். நாற்காலியை நிமிர்த்தி, பற்களைப் பஞ்சாலும் காற்றாலும் உலர்த்தினார். முதலில் நிறத்தாளை எடுக்கவில்லை. எட்டு மைக்ரான் தடிமனுள்ள ஒரு உலோகப் படலத்தைப் பக்கத்துப் பல்லின்மேல் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்தார். அடைப்பதற்கு முன் அந்தப் பல் படலத்தை இறுகப் பிடித்திருந்தது. இப்போது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதாவது அடைத்த பல் வாயைத் தாங்கி நிற்க, பக்கத்துப் பல் மேல்பல்லைத் தொடவே இல்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை நிறப்பதிவை எல்லாம்விட நம்பகமானது.

பிறகு சிவப்புத் தாள். மற்றப் பற்களில் சின்னச் சின்னப் புள்ளிகள். அடைப்பில் மட்டும் நடுவே வெளிறி ஓரம் சிவந்த ஒரு வளையம். பலமாக மோதும் இடத்தில் நிறம் ஓரத்துக்குப் பிதுங்கிவிடுவதால் இப்படி வளையம் விழும். பெரிய கறை என்றால் பலத்த அழுத்தம் என்று பொருளல்ல, அதனால் கறையின் அளவைப் பார்த்துத் தேய்ப்பவர் நல்ல தொடர்பையும் சேர்த்து அழித்துவிடுவார். பல்லைத் தேய்க்கும் சுழல்முனையான நுண்ணிய வைரப் பர் ஒன்றால் வளையத்தின் நடுவை மட்டும் தொட்டும் தொடாமலும் தேய்த்தார். மறுபடி உலர்த்தல், தாள், கடி. மூன்று சுற்றுக்குப் பிறகு படலம் பக்கத்துப் பல்லிலும் பிடித்தது.

நானே எழுந்துவிடப் பார்த்தேன். அவர் விடவில்லை. நீலத் தாளை வைத்து, கடித்தபடியே தாடையை இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்தச் சொன்னார். வலப்பக்கம் நகர்த்தியபோது, கன்னப்பக்க முகட்டின் உள்சரிவில் ஒரு நீளக் கீறல் விழுந்தது. நேராகக் கடித்தால் தெரியாத, மெல்லும்போது மட்டும் பல்லைப் பக்கவாட்டில் நெம்பும் மோதல் அது. முதல் நாள் தவறவிட்டதில் பாதி அதுதான். அதையும் எடுத்து, ரப்பர் முனையால் மெருகேற்றி முடித்தார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. வீங்கிய திசு பல்லைச் சற்றே தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் "இன்னும் இடிக்குது, இன்னும் இடிக்குது" என்ற நோயாளியின் பேச்சைக் கேட்டுத் தேய்த்துக்கொண்டே போனால், வீக்கம் வடிந்தபின் பல் எதிரே எதையும் தொடாமல் நிற்கும். எதிர்ப்பல் நாளடைவில் அந்த இடைவெளியை நோக்கி இறங்கி வரத் தொடங்கும். அதனால் படலமும் தாளும் சரி என்று காட்டினால், கொஞ்சம் நோவு மிச்சமிருந்தாலும் பர்ரைக் கீழே வைத்துவிடுவதே நல்ல கை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அவசரப்பட்டு எடுக்கப்படும் வழி அது. உயரம் சரியாக இருந்தும் ஒரே ஒரு புள்ளியில் கடித்தால் மட்டும் சுளீர் என்றால், அடைப்பு அடியில் பல்லோடு ஒட்டாமல் விட்டிருக்கலாம்; அப்போது கழற்றி மறுபடி வைப்பதுதான் தீர்வு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கடிக்கும்போது சும்மா இருந்து, பல்லை விடும் கணத்தில் வெட்டுவதுபோல் வலித்தால் விரிசலைத் தேட வேண்டும். சூடாகக் குடித்தபின் வலி நிமிடக்கணக்கில் நின்றால், எதுவும் படாமலே இரவில் எழுப்பினால், கூழ் மீளாத நிலைக்குப் போயிருக்கலாம். வேர் சிகிச்சைப் பேச்சுக்கு அங்கேதான் இடம். குளிருக்குச் சில நொடி கூசி அடங்குவதை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தூக்கலான அடைப்பும் தட்டினால் வலிக்கும், குளிருக்குக் கூசும் என்பதால், உயரத்தைப் பார்க்காமலே வேரைத் திறந்துவிடும் ஆபத்து உண்டு.

வீட்டில் ஒருவர் எப்படிப் பிரித்தறிவது? மரப்பு முழுதும் விலகிய பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தளர்த்தி, மிக மெதுவாகப் பற்களைச் சேருங்கள். இறுகக் கடிக்க வேண்டாம். இறுகக் கடித்தால் பல் அமுங்கி எல்லாம் ஒன்றாகத் தொடுவதுபோல் தோன்றும். முதலில் தொடுவது எது என்று விரலால் காட்ட முடிந்து, அது அடைத்த பல்லாக இருந்தால், காத்திருப்பதில் லாபமில்லை, மறுநாளே போங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து, குளிருக்கு மட்டும் கூச்சம், அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்றால் ஓரிரு வாரம் தாராளமாகப் பார்க்கலாம். நேராகச் சேரும்போது சரியாக இருந்து மெல்லும்போது மட்டும் வலித்தால், "பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

எனக்கு 'முதலில் இடிக்கிறது' என்ற உணர்வு நாற்காலியிலேயே போய்விட்டது. குளிர்க் கூச்சம் இரண்டு நாளில் அடங்கியது. விரலால் தட்டினால் வரும் நோவு மட்டும் ஆறு நாள் இருந்தது, நசுங்கிய திசு ஆறுவதற்கு அவ்வளவு நாள் ஆயிற்று. இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி அந்தப் படலத்தை வைத்து இழுத்தார். அடைத்த பல்லும் பிடித்தது, அதன் முன்னும் பின்னும் இருந்தவையும் பிடித்தன.