கண்ணில் கார்க் பந்து பட்ட பையனுக்கு 4,350 ரூபாய்க்குக் கண்ணாடி விற்றார்கள்

ஆத்திரம் அடங்கட்டும் என்று மூன்று மாதம் பொறுத்திருந்துதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கடை, அதற்குள்ளேயே ஒரு தடுப்பு போட்டு 'கண் பரிசோதனை மையம்'. எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.

என் பையனுக்குப் பதின்மூன்று வயது. விக்கெட் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டத்தில், கார்க் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு எகிறி வலது கண்ணில் அடித்துவிட்டது. ஹெல்மெட் கிடையாது. தெரு ஆட்டத்தில் யார் போடுகிறார்கள்? 2000-ஆம் ஆண்டு டாக்காவில் இந்திய அணியின் சபா கரீமுக்கும் கும்ப்ளே பந்துவீச்சுக்குக் கீப்பிங் செய்யும்போது இதே வலது கண்ணில்தான் பட்டது. அதன் பிறகு அவருடைய ஆட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கவில்லை. அது என் தப்பு, அதைக் கடைக்காரர் தலையில் போடமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இமை வீங்கியிருந்தது. விரலால் மெல்லத் திறந்து பார்த்தோம். வெள்ளைப் பகுதி ஓரத்தில் சிவப்பு. "மங்கலாத் தெரியுதுப்பா, புகை மாதிரி" என்றான். ஏழு மணிக்கு அந்தக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அவனை மெஷின் முன்னால் உட்கார வைத்தார். ரோட்டின் கடைசியில் கலர் பலூன் தெரியுமே, அந்த மெஷின். ஒரு சீட்டு வந்தது. வலது கண் மைனஸ் 1.75. "பவர் ஏற்கெனவே இருந்திருக்கும் சார், அடிபட்டதும் வெளியே தெரிஞ்சிருக்கு. வெள்ளையில ரத்தம் கட்டியிருக்கு, ரெண்டு வாரத்துல தானாப் போயிடும்" என்றார். ஒரு சொட்டு மருந்து, வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை, மொபைல் வெளிச்சத்தைத் தடுக்கிற ஸ்பெஷல் லென்ஸ் போட்ட கண்ணாடி. மொத்தம் 4,350. அவரைக் கண் டாக்டர் என்றே நினைத்தேன். அவர் பவர் பார்ப்பவர் மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. (படித்த ஆப்டோமெட்ரிஸ்ட்டாக இருந்திருந்தால் இதைப் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். எனக்கு அப்படிப்பட்டவர்களையும் தெரியும்.)

அவர் என்னவெல்லாம் செய்யவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்தைப் படிக்கச் சொல்லவில்லை. டார்ச் அடித்துக் கண்ணின் பாப்பா சுருங்குகிறதா என்று பார்க்கவில்லை. கண்ணின் அழுத்தத்தை அளக்கவில்லை. மேலே கீழே பார்க்கச் சொல்லவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரு வினோதம். காலையில் எழுந்ததும் ரொம்ப மங்கல் என்பான், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தெளிவு என்பான். சரியாகி வருகிறது என்று நாங்களும் சமாதானப்பட்டுக்கொண்டோம். புதன்கிழமை கண்ணாடி வந்தது, போட்டுப் பார்த்தான், பெரிய வித்தியாசம் இல்லை. வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வலியில் அலறி எழுந்தான். இரண்டு முறை வாந்தி. வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்றான், விரலை எண்ணத் தெரியவில்லை.

மதுரைக்கு ஓடினோம். அங்கே டூட்டியில் இருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டதே, "தம்பி, அடிபட்டு எத்தனை நாள்?" என்றுதான். நாலாவது நாள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல ஒரு தோல், அதற்குப் பின்னால் நிறமுள்ள வட்டம், இரண்டுக்கும் நடுவே தெளிந்த நீர் நிரம்பிய சின்ன அறை. பந்து அடித்த வேகத்தில் அந்த வட்டத்தின் அடிப்பகுதி கிழிந்து, அறைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஹைபீமா என்கிறார்கள். உட்கார்ந்திருந்தால் ரத்தம் அடியில் தங்கிப் பார்வை கொஞ்சம் தெளியும். படுத்தால் பரவி எல்லாவற்றையும் மறைக்கும். காலையில் மங்கல், பத்து மணிக்குத் தெளிவு என்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

ஞாயிறு சாயங்காலம் வீக்கத்தைக் காட்ட அண்ணனுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தேன். அதை டாக்டர் பெரிதாக்கிக் காட்டினார். கறுப்பு வட்டத்தின் அடியில், தம்ளரின் அடியில் தங்கிய டிகாஷன் போல, நகக்கீற்று அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புக் கோடு. முதல் நாளே இருந்திருக்கிறது. நம்மவர்களின் கண் கரும்பழுப்பாக இருப்பதால் இது லேசில் கண்ணில் படாது. பையனை நிமிர்ந்து உட்கார வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் சில சமயம் தெரியும். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கென்று இருக்கிற ஸ்லிட் லேம்ப் கருவியில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வெள்ளைப் பகுதியில் பரவும் சிவப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் எங்களுக்கு நடந்தது போல, அந்தச் சிவப்பைக் காட்டி உள்ளே இருக்கும் ரத்தத்தை மறந்துவிடுகிறார்கள்.

முதல் கசிவு சின்னதாக இருந்தாலும் இரண்டாவது முதல் ஐந்தாவது நாளுக்குள் மறுபடி கசியலாமாம். கிழிந்த இடத்தை அடைத்த ரத்தக்கட்டி சுருங்கும் நேரம் அது. இரண்டாவது கசிவுதான் பல நேரம் பெரிது. என் பையனுக்கு அறையில் பாதி நிரம்பிவிட்டது. நீர் வெளியேறும் வழி அடைபட்டு அழுத்தம் 42-க்கு ஏறிவிட்டது. சாதாரணமாக 10 முதல் 21-க்குள் இருக்க வேண்டியது. வலியும் வாந்தியும் அதனால்தான்.

டைக்ளோஃபெனாக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டர் நிதானமாகவே பேசினார். "அந்த மாத்திரையாலதான்னு என்னால சொல்ல முடியாது, அது இல்லாமலும் திரும்பக் கசியும். ஆனா உள்ள ரத்தம் இருக்கிற கண்ணுக்கு ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் நாங்க கொடுக்கறதில்ல. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்." மைனஸ் 1.75 பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். அடிபட்டு உள்ளே வீங்கிய கண்ணில், அதுவும் ரத்தம் கலங்கிய கண்ணில், அந்த மெஷின் சொல்லும் எண்ணை வைத்து யாரும் கண்ணாடி எழுதமாட்டார்கள் என்றார்.

ஐந்து நாள் உள்ளே இருந்தோம். தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், கண்ணுக்கு மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி, பாப்பாவை விரித்து வைக்கும் சொட்டு மருந்து, வீக்கம் குறைய ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, அதோடு மாத்திரை. மாத்திரை போட்டதும் விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கிறது என்றான், அது அந்த மருந்தின் குணமாம். காலையும் மாலையும் அழுத்தம் பார்த்தார்கள். இறங்காவிட்டால் ரத்தத்தைக் கழுவி எடுக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் 24-க்கு வந்தது, ஆபரேஷன் தப்பியது.

அடுத்த கட்டிலில் இன்னொரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளியில் சண்டை, கண்ணில் ஒரு குத்து. அவன் கண்ணைப் பார்த்தால் அடிபட்டதாகவே தெரியாது, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் அந்தக் கண் மட்டும் நகராது. முயன்றால் வாந்தி வரும், நாடித் துடிப்பு இறங்கும். தலையில் அடி என்று இரண்டு நாள் வேறு இடத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். சிடி ஸ்கேனில்தான் தெரிந்திருக்கிறது. கண்குழியின் தரை எலும்பு மெலிசானது. பிள்ளைகளுக்கு அது வளைந்து விரிசல் விட்டு, பொறிக்கதவு போலத் திரும்ப மூடிக்கொள்ளும். கண்ணை அசைக்கும் தசை அந்த இடுக்கில் மாட்டிவிடும். ரத்த ஓட்டம் இல்லாமல் தசை கெட்டுப்போவதற்குள், ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும். இரண்டு நாள் வீணான கவலையை அவன் அம்மாவின் முகத்தில் பார்த்தேன். மூக்கைச் சீந்தக் கூடாது என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சீந்தினால் உடைந்த எலும்பு வழியாகக் காற்று கண்குழிக்குள் ஏறிவிடுமாம்.

அந்த டாக்டரிடம் நான் கேட்டு எழுதிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். பந்தோ குத்தோ பட்ட பிறகு பார்வை மங்கினாலோ, இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, வாந்தியோ அளவுக்கு மீறிய தூக்கமோ வந்தாலோ, பாப்பா பெரிதாகவோ வட்டம் கெட்டோ இருந்தாலோ அன்றைக்கே கண் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவானாலும் சரி. மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது, திரை இறங்குவது போல இருப்பது எல்லாம் விழித்திரை பிய்வதன் அடையாளம். இது சில வாரம் கழித்தும் வரலாம். கண் முன்னால் பிதுங்கிக் கல்லு போல இறுகி, பார்வை போய்க்கொண்டே இருந்தால், பின்னால் ரத்தம் சேர்ந்து நரம்பை நெரிக்கிறது. அது மணிக்கணக்குச் சமாச்சாரம், 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

பாப்பா கண்ணீர்த்துளி மாதிரி ஒரு பக்கம் இழுத்திருந்தால் கண்ணே கிழிந்திருக்கலாம். அப்போது இமையை அழுத்தித் திறக்கவோ, கழுவவோ, மருந்து விடவோ கூடாது. டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியிருக்கும் எலும்பின் மேல் உட்கார வைத்து டேப் ஒட்டி அழைத்துப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஆர்டர் போட்டு வெட்டின லென்ஸ் சார், வாபஸ் கிடையாது" என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பில்லும் மெஷின் சீட்டும் பத்திரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. சீட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறது.

ஆறாவது வாரம் கண்ணின் மேல் ஒரு லென்ஸை வைத்து உள்ளே பார்த்தார்கள். நீர் வடியும் மூலையில் மூன்றில் ஒரு பங்கு கிழிந்து ஆறியிருக்கிறதாம். இன்று அழுத்தம் சரியாக இருந்தாலும், வருடக்கணக்கில் கழித்து ஏறலாம். அதனால் ஆயுசு முழுக்க வருடம் ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பவரும் பார்த்தார்கள். வலது கண்ணில் பவரே இல்லை.